மந்த காலத்தில் அரசு செலவை வெட்டினால் கடன் குறையுமா, கூடுமா? கிரேக்கக் கணக்கு பற்றிய ஓர் ஐயம்

ஆற்றோரம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கிரேக்கக் கடன் நெருக்கடியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஓரிடத்தில் மேற்கொண்டு நகர முடியாமல் நின்றுவிட்டேன். 2010 மே மாதத்தில் யூரோ நாடுகளும் ஐ.எம்.எஃப். என்னும் பன்னாட்டு நாணய நிதியமும் சேர்ந்து அந்நாட்டுக்கு 11,000 கோடி யூரோ கடன் தர ஒப்புக்கொண்டன. அதற்குக் கைம்மாறாகக் கிரேக்க அரசு ஊழியர் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டியது. மதிப்புக் கூட்டு வரியை உயர்த்தியது. கடன் சுமையைக் குறைப்பதுதான் இத்தனைக்கும் நோக்கம் என்று சொல்லப்பட்டது. ஆனால் 2009 இல் உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 127 விழுக்காடாக இருந்த கடன், 2011 முடிவதற்குள் 170 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது.

செலவைக் குறைத்த பிறகும் கடன் ஏறியது எப்படி? சொன்ன அளவுக்கு வெட்டவில்லை, அதனால்தான் ஏறியது என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். வெட்டியதால்தான் ஏறியது என்று மறு சாரார் எழுதுகிறார்கள். இரு தரப்பும் ஒரே புள்ளிவிவரத்தைத்தான் காட்டுகின்றன. கட்சிச் சண்டையாக இல்லாமல், கணக்காக இதை யாரேனும் விளக்க முடியுமா?

யாழிசை

இதில் இவ்வளவு குழம்ப என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வருமானம் குறைந்த குடும்பம் செலவைக் குறைத்துக்கொள்கிறது. கடன் வாங்கிக்கொண்டே போனால் வீடு ஏலத்துக்கு வரும். அரசுக்கும் அதே விதிதான். பல ஆண்டுகள் வரவுக்கு மீறிச் செலவழித்துவிட்டு, கடன்காரன் வாசலில் வந்து நிற்கும்போது மட்டும் ‘இப்போது குறைத்தால் பொருளாதாரம் கெட்டுவிடும்’ என்று சொல்வது, என் பார்வையில், பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சு. மேலும் கிரேக்க அரசு தன் பற்றாக்குறைக் கணக்கையே மறைத்து வந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நிதிக்கோடு

யாழிசை அவர்கள் கணக்கு மறைக்கப்பட்டதைச் சொன்னது உண்மை. 2009 இன் பற்றாக்குறை முதலில் உற்பத்தியில் 4 விழுக்காட்டுக்கும் குறைவு என்று சொல்லப்பட்டது. அக்டோபரில் ஆட்சி மாறியதும் அது 12 விழுக்காட்டுக்கு மேல் என்றானது. இறுதித் திருத்தத்தில் 15 விழுக்காட்டையும் தாண்டியது. சந்தையின் நம்பிக்கை உடைந்ததற்கு இதுவே முதல் காரணம்.

ஆனால் குடும்ப ஒப்புமை சரியாக இந்த இடத்தில்தான் கைவிடுகிறது. ஒரு குடும்பம் செலவைக் குறைத்தால் அக்குடும்பத் தலைவரின் சம்பளம் குறைவதில்லை. அரசு விஷயத்தில் அப்படி இல்லை. அன்றைய கிரேக்கத்தில் அரசின் மொத்தச் செலவு உற்பத்தியில் பாதிக்கும் மேல். அந்தச் செலவு யாரோ ஒருவருக்குச் சம்பளமாகவோ, ஓய்வூதியமாகவோ, விற்பனைத் தொகையாகவோ போய்ச் சேருகிறது. அவர்கள் அதில் ஒரு பகுதியை மீண்டும் செலவழிக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அரசுக்கு வரி வருகிறது. ஆகவே செலவை வெட்டும் அரசு தன் வரவின் ஒரு பகுதியையும் சேர்த்தே வெட்டிக்கொள்கிறது. எவ்வளவு பகுதி என்பதுதான் இந்தத் தகராறு முழுவதற்கும் ஆணிவேர்.

எண்களை வைத்தே பார்ப்போம். ஒரு நாட்டின் ஆண்டு உற்பத்தி 100, கடன் 120 என்று கொள்க. உற்பத்தியில் ஒவ்வொரு 100 குறைந்தாலும் வரி வரவு 40 குறையும். வெட்டாவிட்டால் கடன் 120 விழுக்காட்டிலேயே நிற்கும் என்று எளிமைக்காக வைத்துக்கொள்ளலாம். இப்போது அரசு 3 அளவுக்குச் செலவை வெட்டுகிறது.

முதலில், வெட்டிய ஒவ்வொரு 1-க்கும் உற்பத்தி 0.5 மட்டுமே குறையும் என்று கொள்வோம். இந்த எண்ணைத்தான் பொருளியலில் பெருக்கி என்கிறார்கள். உற்பத்தி 98.5 ஆகும். வரி இழப்பு 0.6. ஆக, மிச்சம் 2.4, கடன் 117.6. அதை 98.5 ஆல் வகுத்தால் 119.4 விழுக்காடு. கடன் விகிதம் சற்றே இறங்கியிருக்கிறது, அரசு மகிழலாம்.

அடுத்து, பெருக்கி 1.5 என்று கொள்வோம். உற்பத்தி 95.5 ஆகச் சுருங்கும். வரி இழப்பு 1.8. வெட்டிய 3 இல் கையில் நிற்பது 1.2 மட்டுமே; கடன் 118.8. ஆனால் வகுக்கும் எண் 95.5 ஆகிவிட்டதால் விகிதம் 124.4 விழுக்காடு. அரசு வாக்களித்தபடி ஒரு காசும் குறையாமல் வெட்டியிருக்கிறது, கடன் தொகையும் குறைந்திருக்கிறது, ஆயினும் கடன் விகிதம் ஏறியிருக்கிறது. ஆற்றோரம் கேட்ட கேள்விக்கு ஒரு பாதி விடை இதில் இருக்கிறது. இரு தரப்பும் ஒரே புள்ளிவிவரத்தைக் காட்ட முடிவதற்கும் இதுவே காரணம்: வெட்டு போதவில்லை என்பவர் தம் மனத்தில் 0.5 ஐ வைத்திருக்கிறார்; வெட்டுதான் குற்றவாளி என்பவர் 1.5 ஐ வைத்திருக்கிறார்.

ஆற்றோரம்

மிக்க நன்றி. இவ்வளவு தெளிவாக இதை நான் எங்கும் பார்த்ததில்லை. ஆனால் கணக்கு இவ்வளவு எளிது என்றால், ஐ.எம்.எஃப். அதிகாரிகளுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? அவர்கள் எந்தப் பெருக்கியை வைத்துத் திட்டம் போட்டார்கள்?

நிதிக்கோடு

நன்றாகவே தெரியும். அவர்கள் தேர்ந்த எண்தான் சிக்கல். அப்போதைய முன்கணிப்புகளுக்குள் சுமார் 0.5 என்ற பெருக்கி பொதிந்திருந்தது. இதை வெளிக்கொணர்ந்தவர்கள் வெளியாட்கள் அல்லர், ஐ.எம்.எஃப். அமைப்பின் தலைமைப் பொருளியலாளராக இருந்த ஒலிவியே பிளாஞ்சார்டும் அவருடன் பணியாற்றிய டேனியல் லீயும். 2012 அக்டோபரில் வெளிவந்த உலகப் பொருளாதார அறிக்கையில் சிறு பெட்டிச் செய்தியாகவும், 2013 சனவரியில் தனி ஆய்வறிக்கையாகவும் அதை வெளியிட்டார்கள்.

அவர்கள் செய்தது இதுதான். 2010 இன் தொடக்கத்தில் ஒவ்வொரு நாடும் எவ்வளவு வெட்டப் போவதாகத் திட்டமிட்டிருந்தது என்பதை ஒரு பக்கம் வைத்தார்கள். அந்நாட்டின் வளர்ச்சி பற்றிய முன்கணிப்பு பின்னர் எவ்வளவு பிழைத்தது என்பதை மறுபக்கம் வைத்தார்கள். முன்கணிப்பு சரியான பெருக்கியைக் கொண்டிருந்தால் இரண்டுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. ஏனெனில் வெட்டின் விளைவு ஏற்கெனவே கணிப்பில் சேர்க்கப்பட்டிருக்கும். ஆனால் தொடர்பு இருந்தது. உற்பத்தியில் 1 விழுக்காடு கூடுதலாக வெட்டத் திட்டமிட்ட நாட்டில், வளர்ச்சி முன்கணிப்பை விட ஏறத்தாழ 1 விழுக்காடு கூடுதலாகச் சரிந்திருந்தது. இதிலிருந்து உண்மையான பெருக்கி 0.9 முதல் 1.7 வரை இருந்திருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கிரேக்கத்தில் இதன் விளைவை ஐ.எம்.எஃப். தன் 2013 சூன் மதிப்பாய்வில் தானே ஒப்புக்கொண்டது. 2009 க்கும் 2012 க்கும் இடையில் உற்பத்தி 5.5 விழுக்காடு சுருங்கும் என்று கணித்திருந்தார்கள். சுருங்கியது 17 விழுக்காடு. 2012 இல் வேலையின்மை 15 விழுக்காடாக இருக்கும் என்றார்கள். 25 விழுக்காடாக இருந்தது.

0.5 என்பதை அவர்கள் வெறுமனே கற்பனை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முந்தைய பத்தாண்டுகளின் இயல்பான காலங்களில் அந்த எண் பொருந்தி வந்தது. அப்போது அரசு செலவைக் குறைத்தால் மைய வங்கி வட்டியைக் குறைத்துத் தனியார் முதலீட்டைத் தூண்டும். நாணய மதிப்பு இறங்கி ஏற்றுமதி கூடும். அண்டை நாடுகள் நன்றாக இருப்பதால் பொருளை வாங்க ஆள் இருக்கும். 2010 இல் கிரேக்கத்துக்கு இவற்றில் எதுவுமே இல்லை. வட்டி ஐரோப்பிய மைய வங்கியின் கையில். உள்ளூர் வங்கிகளோ கடன் கொடுக்கும் நிலையிலேயே இல்லை. நாணயம் பொது நாணயம். அதன் பொருளை வாங்கக்கூடிய நாடுகள் பலவும் அதே நேரத்தில் தாமும் வெட்டிக்கொண்டிருந்தன. விழும்போது தாங்கும் அந்த மூன்று மெத்தைகளும் இல்லாத இடத்தில், மெத்தை இருந்த காலத்து எண்ணைப் பயன்படுத்தினார்கள்.

மதில்மேல்

நண்பர் நிதிக்கோடு கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார். ஆனால் அந்தக் கணக்கு எதைச் சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு மறுப்புகள் உண்டு.

முதலாவது, அது ஓராண்டுக் கணக்கு. வெட்டு நிரந்தரமானது என்றால், மிச்சம் ஒவ்வோர் ஆண்டும் கிடைத்துக்கொண்டே இருக்கும். அவருடைய மோசமான எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம்: உற்பத்தி 95.5 இலேயே தேங்கி நிற்கிறது, ஆண்டுதோறும் 1.2 மிச்சமாகிறது. முதலாண்டில் 124.4 ஆக இருந்த விகிதம் இரண்டாம் ஆண்டில் 123.1, அடுத்து 121.9, பிறகு 120.6, ஐந்தாம் ஆண்டில் 119.4. தொடங்கிய இடத்துக்குக் கீழே வந்துவிட்டது. உற்பத்தி சற்றே மீண்டாலும் இன்னும் விரைவாக வந்துவிடும். ஆகவே ‘வெட்டு தன்னைத் தானே தோற்கடிக்கிறது’ என்பது முதல் சில ஆண்டுகளுக்கு மட்டும் பொருந்தும் வாதம்.

இரண்டாவது மறுப்பு இதை விட முக்கியமானது. ‘வெட்டாமல் இருந்திருந்தால்’ என்று எல்லோரும் எளிதாகச் சொல்கிறார்கள். வெட்டாமல் இருக்கப் பணம் யார் கொடுத்திருப்பார்கள்? 2009 இல் வட்டியைக் கணக்கில் சேர்க்காமலேயே கிரேக்க அரசின் செலவு அதன் வரவை விட, உற்பத்தியில் ஏறத்தாழ 10 விழுக்காடு அதிகம். அதாவது பழைய கடன் முழுவதையும் ஒரே இரவில் தள்ளுபடி செய்து, வட்டி ஒரு காசு கூட இல்லை என்று அறிவித்திருந்தாலும், மறுநாள் சம்பளம் போட அந்த 10 விழுக்காடு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். சந்தையில் கடன் கிடைக்கவில்லை. சொந்தமாக அச்சடிக்க நாணயம் இல்லை. 11,000 கோடி யூரோ வந்திராவிட்டால் நடந்திருக்கக்கூடிய வெட்டு, நடந்த வெட்டை விடப் பெரியதாக இருந்திருக்கும். இதைச் சிக்கனக் கொள்கை என்று அழைப்பதே எனக்கு விந்தையாகப் படுகிறது. விருப்பத்தோடு வெட்டியவர்களுக்கும், கடன் கொடுக்க ஆளில்லாமல் வெட்டியவர்களுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டோம்.

பிளாஞ்சார்டு ஆய்வின் மீதும் ஓர் ஐயம் உண்டு. எந்த நாட்டில் நிலைமை கெட்டுக்கொண்டிருந்ததோ அந்த நாடுதான் அதிகமாக வெட்ட வேண்டியிருந்தது. வளர்ச்சி சரிந்ததற்கு வெட்டு காரணமா, இரண்டுக்குமே அடியில் இருந்த வங்கி நெருக்கடி காரணமா என்பதை அவ்வளவு சிறிய நாட்டுத் தொகுப்பை வைத்துப் பிரித்தெடுப்பது கடினம்.

கண்ணாடிக்காரன்

பெருக்கி எப்போதும் ஏன் நேர் எண்ணாகவே இருக்க வேண்டும்? வெட்டிய பிறகு வளர்ந்த நாடுகளும் இருக்கின்றன. அயர்லாந்து 1987 இல் கடுமையாக வெட்டியது. அதன் பிறகுதான் அந்நாட்டின் நல்ல காலமே தொடங்கியது. டென்மார்க் 1983 இல் அதையே செய்தது. நாளை வரி உயராது என்ற நம்பிக்கை வந்தவுடன் மக்களும் தொழில் முனைவோரும் இன்றே செலவழிக்கத் தொடங்குகிறார்கள். பொருளியலாளர் அல்பெர்த்தோ அலெசினா இதைப் பல நாடுகளின் தரவுகளோடு எழுதியிருக்கிறார். ஆகவே கிரேக்கத்தில் வெட்டு தோற்றதற்குக் காரணம் வெட்டு அல்ல; அரசியல் குழப்பத்தால் நம்பிக்கை வரவில்லை என்பதுதான்.

நிதிக்கோடு

கண்ணாடிக்காரன் சொன்ன இரண்டு நாடுகளும் வளர்ந்தது உண்மை. வளர்ந்ததற்கு அவர் சொல்லும் காரணத்தைத்தான் என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. அயர்லாந்து 1986 ஆகஸ்டில் தன் நாணய மதிப்பை 8 விழுக்காடு குறைத்தது, வெட்டிய ஆண்டுகளில் அதன் பெரிய வாடிக்கையாளரான பிரிட்டன் நல்ல ஏற்றத்தில் இருந்தது, வட்டியும் இறங்கியது. டென்மார்க்கில் நீண்டகால வட்டி மிக உயரத்திலிருந்து வேகமாக இறங்கியது. நான் முன்பு குறிப்பிட்ட மெத்தைகள் அவர்களிடம் இருந்தன. பெருக்கி சிறிதாக இருந்ததற்கும், வேறொரு விசை வெட்டின் வலியை மூடிவிட்டதற்கும் அவை நல்ல எடுத்துக்காட்டுகள். வெட்டே வளர்ச்சியைத் தந்தது என்பதற்கு அல்ல.

அலெசினாவின் முதற்கட்டத் தரவுகளில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பொருளாதாரம் நன்றாக இருக்கும்போது வரி வரவு தானாகக் கூடிப் பற்றாக்குறை குறையும். அதையும் ‘வெட்டு’ என்று எண்ணிவிட்டால், வெட்டும் வளர்ச்சியும் கைகோத்து வருவதாகத் தோன்றும். ஐ.எம்.எஃப். ஆய்வாளர்கள் 2011 இல் அரசு அறிவிப்புகளையும் வரவு செலவுத் திட்ட ஆவணங்களையும் படித்து, பற்றாக்குறையைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு எடுக்கப்பட்ட நடவடிக்கைகளை மட்டும் பிரித்தெடுத்தபோது, வளர்ச்சி தரும் வெட்டு என்பது பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் அவர் வாதத்தின் ஒரு பகுதி நிற்கிறது: வரி உயர்வின் வலியை விடச் செலவுக் குறைப்பின் வலி குறைவு என்பதற்குப் பல ஆய்வுகளில் ஆதரவு உண்டு. அதற்கு வட்டிக் குறைப்பு எவ்வளவு காரணம் என்பதில் சண்டை தொடர்கிறது.

நம்பிக்கை பற்றி ஒன்று. 2012 சூலையில் ஸ்பெயினின் பத்தாண்டுப் பத்திர வட்டி 7 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த மாதக் கடைசியில், யூரோவைக் காக்க ‘எது தேவையோ அதை’ச் செய்வோம் என்று ஐரோப்பிய மைய வங்கித் தலைவர் மாரியோ டிராகி அறிவித்தார். ஸ்பெயினின் கடன் அதன் பிறகும் ஏறிக்கொண்டுதான் இருந்தது, வட்டியோ இறங்கிவிட்டது. சந்தை தேடிய நம்பிக்கையில் பெரும்பங்கு, பின்னால் ஒரு மைய வங்கி நிற்கிறதா என்பதாகவே இருந்தது.

சல்லிமேடு

இங்கே பெரியவர்கள் பேசும் அளவுக்கு எனக்குப் பொருளியல் தெரியாது. சாலை, பாலப் பணிகளை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்பவன் நான். ‘செலவுக் குறைப்பு’ என்பது எங்களிடம் எப்படி வந்து சேருகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எந்தக் கடிதத்திலும் ‘உங்கள் பணி ரத்து’ என்று வராது. பணி முடிந்திருக்கும். பொறியாளர் அளவீட்டுப் புத்தகத்தில் பதிந்து கையெழுத்திட்டிருப்பார். பில் கணக்குப் பிரிவுக்குப் போயிருக்கும். அங்கே ‘நிதி ஒதுக்கீடு வரவில்லை’ என்ற ஒரே பதில்தான். நிதியாண்டு முடியும், அந்தத் தொகை அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும். இதற்கிடையில் சிமெண்டும் கம்பியும் கொடுத்தவருக்கு நான் வட்டி கட்ட வேண்டும். என்னிடம் இருந்த ஆட்களில் பாதிப் பேரை நிறுத்த வேண்டியதாயிற்று. கடைசியில் பணம் முழுவதும் வந்தது; ஆனால் வட்டியில் இலாபம் கரைந்துவிட்டது, அதற்குப் பிறகு அந்தத் துறையின் டெண்டருக்கு நான் போகவில்லை. போகிறவர்கள் இந்தத் தாமதத்தையும் விலையில் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். அரசு மிச்சப்படுத்தியது என்று கணக்கில் வருமா, இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை.

தேன்மொழி

சல்லிமேடு ஐயாவின் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். அரசுத் தணிக்கையில் நெடுநாள் பணியாற்றியவள். அரசு ரொக்க அடிப்படையில் கணக்கு எழுதினால், உங்கள் பில் கொடுக்கப்படாத ஆண்டில் பற்றாக்குறை குறைந்ததாகவே தெரியும். உண்மையில் குறையவில்லை, அரசு உங்களிடமிருந்து வட்டியில்லாக் கடன் வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கிரேக்கத்திலும் இது பெரிய அளவில் நடந்தது: மருத்துவமனைகளுக்கு மருந்து கொடுத்தவர்கள், கட்டுமான நிறுவனங்கள், கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்டவர்கள் என நிலுவை குவிந்தது. பின்னர் வந்த கடன் தவணைகளில் ஒரு பகுதியை இந்த நிலுவையைத் தீர்க்கவே ஒதுக்க வேண்டியிருந்தது. ஒரு நாடு வெட்டியதாகச் சொல்லும்போது நான் முதலில் தேடுவது பற்றாக்குறை எண்ணை அல்ல. கொடுக்கப்படாத பில்களின் நிலுவை ஏறியிருக்கிறதா என்பதை.

இரண்டாவதாகப் பார்ப்பது மூலதனச் செலவை. சம்பளத்தில் கை வைத்தால் வேலைநிறுத்தம் வரும். ஓய்வூதியத்தில் கை வைத்தால் தேர்தலில் தெரியும். நீதிமன்றமும் குறுக்கே வரலாம். கட்டப்படாத பாலத்துக்காக யாரும் தெருவில் இறங்குவதில்லை. ஆகவே அவசரத்தில் வெட்டும் அரசுகள் முதலில் அதைத்தான் வெட்டுகின்றன. மந்த காலத்தில் உடனடி வேலையையும் பிற்காலத்து உற்பத்தியையும் சேர்த்துப் பாதிப்பதும் அதுதான். மதில்மேல் அவர்களின் ஐந்தாண்டுக் கணக்கில் உற்பத்தி 95.5 இல் நிலைத்து நின்றது. பராமரிப்பு இல்லாமல் போனால் அது நிற்காது, இன்னும் இறங்கும்.

யாழிசை

குடும்ப ஒப்புமையை நான் விட்டுவிடுகிறேன். அரசு தன் வரவையும் சேர்த்து வெட்டிக்கொள்கிறது என்ற வாதம் புரிகிறது. ஆனால் லாட்வியாவைப் பற்றி யாரும் பேசவில்லையே? அவர்களும் நாணய மதிப்பைக் குறைக்கவில்லை. யூரோவோடு கட்டிய பிணைப்பை அவிழ்க்க மறுத்துவிட்டார்கள். அதே மந்தத்தில், கிரேக்கத்தை விட வேகமாக வெட்டினார்கள். உற்பத்தி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. 2010 இல் வேலையின்மை 20 விழுக்காட்டை ஒட்டியது. ஆனால் 2011 இலேயே வளர்ச்சி திரும்பியது. 2014 சனவரி 1 அன்று யூரோவில் சேர்ந்தார்கள். நிதிக்கோடு சொல்லும் மெத்தை அவர்களிடமும் இல்லை. பிறகு எப்படி எழுந்தார்கள்?

நிதிக்கோடு

இந்த இழையில் வந்தவற்றுள் மிக நல்ல கேள்வி இது. லாட்வியாவில் பெருக்கி சிறிதாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். விழுந்த விழுக்காடு அதைக் காட்டவில்லை. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது.

முதலில் போட்ட கணக்கைச் சற்றே மாற்றினால், கடன் விகிதம் ஏறத் தொடங்கும் எல்லையைக் கண்டுபிடிக்கலாம். அந்த எல்லை இது:

```
பெருக்கி = 1 ÷ (கடன் விகிதம் + வரி விகிதம்)
```

கடன் 120 விழுக்காடு, வரி 40 விழுக்காடு என்றால் 1 ÷ 1.6, அதாவது 0.625. பெருக்கி அதற்கு மேல் போனால் முதலாண்டில் விகிதம் ஏறும். கடன் 40 விழுக்காடு மட்டுமே என்றால் 1 ÷ 0.8, அதாவது 1.25. நெருக்கடிக்கு முன்பு லாட்வியாவின் அரசுக் கடன் உற்பத்தியில் 10 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. அவர்களுக்கு இந்த எல்லை 2-ஐ ஒட்டி நிற்கும். ஒரே அளவு வெட்டு, ஒரே அளவு பெருக்கி. ஒரு நாட்டில் கடன் விகிதத்தை இறக்கும், இன்னொன்றில் ஏற்றும். கடனில் மூழ்கிய நாட்டுக்குத்தான் வெட்டு மிகவும் தேவை என்று தோன்றும். அதே நாட்டில்தான் அது முதலில் எதிராகத் திரும்புகிறது. கிரேக்கம் ஒரு முறை வெட்டிவிட்டு மதில்மேல் சொன்ன ஐந்தாண்டுக்குக் காத்திருக்கவும் இல்லை. விகிதம் ஏறியதைப் பார்த்து அடுத்த ஆண்டு மீண்டும் வெட்டினார்கள். அதற்கடுத்த ஆண்டு மீண்டும். முதல் வெட்டின் பலன் வருவதற்குள் அடுத்த வெட்டின் மேடு வந்து சேர்ந்தது.

மதில்மேல்

சூத்திரத்தை ஏற்கிறேன். ஆனால் லாட்வியாவின் வேலையின்மை குறைந்ததில், வேலை தேடியவர்கள் நாட்டை விட்டே போனதற்கும் பங்கு உண்டு என்பதை யாழிசை கவனிக்க வேண்டும். 2000 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 23 இலட்சத்துக்கு மேல் இருந்தவர்கள், 2011 இல் 21 இலட்சத்துக்குக் கீழே வந்துவிட்டார்கள். எல்லாமே நெருக்கடியால் போனவர்கள் அல்லர். பிறப்பு குறைந்ததும் அதில் சேரும். ஆயினும் வெற்றிக் கதையாக அதைச் சொல்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வெட்டை ஆதரிப்பவனாகவே இதைச் சொல்கிறேன்.

ஆற்றோரம்

அப்படியானால் கிரேக்கத்தில் வெட்டுவதா, வேண்டாமா என்ற கேள்வியே தவறோ? 10 விழுக்காடு இடைவெளியை எப்படியும் அடைத்தாக வேண்டும் என்று மதில்மேல் சொல்கிறார்; அதை நிதிக்கோடு மறுக்கவில்லை. 2010 இலேயே கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்துவிட்டு, அதே இடைவெளியை மெதுவாக அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நிதிக்கோடு

நான் அதைத்தான் செய்திருக்க வேண்டும் என்பேன். தனியார் கையில் இருந்த பத்திரங்களின் முகமதிப்பில் பாதிக்கும் மேல் தள்ளுபடி 2012 மார்ச்சில் நடந்தது; இரண்டு ஆண்டுத் தாமதம். அதற்குள் தவணைக்கு வந்த பழைய பத்திரங்களுக்கு முழுப் பணமும் கொடுக்கப்பட்டது. தனியார் கடன்காரர்கள் வெளியேறினார்கள், அவர்கள் இடத்தில் பிற நாடுகளின் அரசுகள் வந்து அமர்ந்தன. இந்தத் தாமதத்தின் தீங்கை ஐ.எம்.எஃப். மதிப்பாய்வும் ஒப்புக்கொள்கிறது. 2010 இலேயே கடனைக் குறைத்திருந்தால் என் சூத்திரத்தின் எல்லை உயர்ந்திருக்கும். வெட்டைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பவும் இடம் கிடைத்திருக்கும்.

மதில்மேல்

2010 மே மாதத்தில் அதைச் செய்திருந்தால் அந்தப் பத்திரங்களை வைத்திருந்த பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகளும், கிரேக்க வங்கிகளும் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் சொல்லவில்லை. அமெரிக்காவின் லேமன் வங்கி விழுந்து இரண்டு ஆண்டு கூட ஆகவில்லை. யூரோப் பகுதிக்கு ஒரு மீட்பு நிதியே அப்போது கிடையாது. அதை அந்த மாதத்தில்தான் அவசரமாகக் கட்டத் தொடங்கினார்கள். அடுத்த வாரமே போர்ச்சுகலும் அயர்லாந்தும் சரிந்திருந்தால், உங்கள் பெருக்கியை எந்த உற்பத்தியின் மீது வைத்துக் கணக்கிடுவீர்கள்? மெதுவாக வெட்டியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மெதுவுக்கான பணத்தை எந்த நாட்டு நாடாளுமன்றம் ஒதுக்கியிருக்கும் என்று எனக்குச் சொல்லுங்கள்.

நிதிக்கோடு

2012 இல் இரண்டாவது திட்டத்துக்கு அதே நாடாளுமன்றங்கள் முதல் தொகையை விடப் பெரிய தொகையை ஒதுக்கின. 2010 இல் தயங்கியதால் செலவு குறையவில்லை, தள்ளித்தான் போனது. வங்கிகள் பற்றிய உங்கள் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அந்த வங்கிகளுக்கு அந்தந்த நாட்டு அரசுகள் நேரடியாக மூலதனம் கொடுத்திருக்கலாம். அதைச் செய்யாமல் கிரேக்கத்தின் வழியாகச் செய்தார்கள் என்பது என் கருத்து.

மதில்மேல்

அந்த ஒரு வரியில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. நேரடியாக வங்கிகளுக்குக் கொடுத்திருந்தால் கிரேக்கப் பற்றாக்குறைக்கு ஒரு யூரோ கூட வந்திருக்காது, 2010 இலேயே அந்த 10 விழுக்காட்டையும் ஒரே ஆண்டில் வெட்ட வேண்டியிருந்திருக்கும். தேன்மொழி அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: 2010 முதல் 2012 வரை நிலுவையைச் சேர்த்துப் பார்த்தால் கிரேக்கம் உண்மையில் எவ்வளவு வெட்டியது என்பதைக் கணக்கிடும் முறையைத் தனி இழையில் எழுதுவீர்களா? ஆற்றோரம் முதலில் கேட்டதன் மறுபாதி அதில்தான் இருக்கிறது.